வடிவமைப்புச் சேவை ஒப்பந்தம்: தீபாவளிப் பலகார லேபிள்களும் பெட்டியும்

சிங்கப்பூர், 6 ஜூலை 2026

இந்த ஒப்பந்தத்தில் ‘நான்’ என்பது தனித்தொழிலாக வடிவமைப்பு செய்யும் மீனாட்சி. ‘நீங்கள்’ என்பது சிராங்கூன் சாலையில் பலகாரக் கடை நடத்தும் முத்துக்குமார். நாம் இருவரும் கடையில் உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். வாட்ஸ்அப்பிலோ வாய்மொழியாகவோ முன்பு சொன்னது இதிலிருந்து மாறுபட்டால், இதில் எழுதியிருப்பதே செல்லும்.

1. வேலை

ஆறு பலகாரங்களுக்கான லேபிள்கள் (கை முறுக்கு, அதிரசம், தட்டை, ரிப்பன் பகோடா, ரவா லட்டு, மைசூர்பாகு), ஒரு பரிசுப் பெட்டி, கடை வாசலுக்கு ஒரு போஸ்டர், பலகாரங்களின் பன்னிரண்டு படங்கள். படங்களை நானே உங்கள் கடையில் வைத்து எடுப்பேன். முதல் வரைவுகள் 20 ஜூலைக்குள் வரும். உங்கள் கருத்துகள் நேரத்துக்கு வந்தால், அச்சுக்குத் தயாரான கோப்புகள் 31 ஆகஸ்டுக்குள் முடியும். கருத்து எத்தனை நாள் தாமதமோ, அத்தனை நாள் என் தேதியும் தள்ளிப்போகும். தீபாவளி தள்ளிப்போகாது, அதை இருவரும் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

லேபிளில் வரும் சேர்பொருள்கள், ஒவ்வாமை விவரம், எடை எல்லாவற்றையும் நீங்கள் எழுத்தில் தர வேண்டும். சிங்கப்பூர் உணவு அமைப்பு கேட்கும் விவரங்கள் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அந்தத் தகவல் சரியா என்பது உங்கள் பொறுப்பு. தந்ததைப் பிழையில்லாமல் வைப்பது என் பொறுப்பு.

2. கட்டணம்

மொத்தம் 4,800 வெள்ளி. கையெழுத்தானதும் 1,440. எல்லா வரைவுகளையும் நீங்கள் ஏற்றுக்கொண்டதும் 1,920. அச்சுக் கோப்புகள் ஒப்படைக்கும் நாளில் மீதி 1,440. நான் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யவில்லை, ஆகவே வரி சேராது. அச்சுச் செலவு இதில் இல்லை. அச்சகத்துக்கு நீங்களே நேரடியாகக் கட்டுவீர்கள். இன்வாய்ஸ் அனுப்பிய நாளிலிருந்து 14 நாளுக்குள் பேநவ் வழியாகவோ வங்கி மாற்றலாகவோ பணம் வர வேண்டும்.

3. திருத்தங்கள்

ஒவ்வொரு வடிவத்துக்கும் இரண்டு சுற்றுத் திருத்தம் கட்டணத்திலேயே அடங்கும். ஒரு சுற்று என்றால், மாற்ற வேண்டியதையெல்லாம் ஒரே பட்டியலாக, ஒரே மின்னஞ்சலில் அனுப்புவது. காலையில் ‘சிவப்பைக் கொஞ்சம் குறைங்க’, மத்தியானம் ‘அக்கா வேற மாதிரி சொல்றாங்க’, ராத்திரி ‘பழையதே நல்லா இருக்கு’ என்று தனித்தனியாக வந்தால் அவை மூன்று சுற்றுகள். வீட்டிலும் கடையிலும் யார் யாரிடம் கேட்க வேண்டுமோ கேட்டுவிட்டு, கடைசி வார்த்தையை நீங்கள் ஒருவர் மட்டும் சொல்லுங்கள்.

என் பிழை சுற்றில் சேராது. உதாரணமாக, ‘முறுக்கு’ என்பதில் ‘க்’ மேலுள்ள புள்ளி சிறிய லேபிளில் மங்கிப்போனால் எத்தனை முறையானாலும் இலவசமாகச் சரிசெய்வேன். தமிழ் எழுத்து பொட்டலத்தின் மேல் தப்பாக நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவது சுற்றிலிருந்து மணிக்கு 80 வெள்ளி, அரை மணி நேரக் கணக்கில். வேலையைத் தொடங்குமுன் எத்தனை மணி ஆகும் என்று எழுதி அனுப்புவேன். நீங்கள் ‘சரி’ என்று பதில் தந்த பிறகே தொடங்குவேன். ஏற்றுக்கொண்ட வடிவத்தை மறுபடி மாற்றுவதற்கும், ஏழாவதாக ஒரு பலகாரத்தைச் சேர்ப்பதற்கும் இதே கட்டணம். வரைவு அனுப்பி ஏழு வேலை நாளில் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல் அனுப்புவேன். அதற்கும் மூன்று வேலை நாளில் பதில் இல்லையென்றால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்வேன்.

4. வேலை யாருக்குச் சொந்தம்

இதை நிதானமாகப் படியுங்கள். சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டப்படி, தனித்தொழில் செய்பவர் வரைந்ததற்கு முதல் உரிமையாளர் அவரே. 21 நவம்பர் 2021-க்கு முன்பு, கேட்டு எடுக்கச் சொன்ன படங்களின் உரிமை பொதுவாகக் காசு கொடுத்தவருக்கே போனது. இப்போது, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், அதுவும் எடுத்தவருக்குத்தான். உரிமையை மாற்றிக் கொடுக்க, கொடுப்பவரின் கையெழுத்தோடு எழுத்து வேண்டும். இந்த ஒப்பந்தமே அந்த எழுத்து.

4,800 வெள்ளியும், கூடுதல் வேலையும் வட்டியும் இருந்தால் அவையும், முழுவதுமாக என் கணக்கில் சேரும் அந்த நேரத்தில், இறுதி வடிவங்களின் பதிப்புரிமையும் பன்னிரண்டு படங்களின் பதிப்புரிமையும் தானாக உங்களுக்கு மாறிவிடும். தனியாக இன்னொரு பத்திரம் வேண்டாம். அதன் பிறகு சென்னையிலோ ஜொகூரிலோ கிளை திறந்தாலும் என்னைக் கேட்காமல் பயன்படுத்தலாம், மாற்றலாம்.

அதுவரை எல்லாம் எனக்கே சொந்தம். ஆனாலும் பண்டிகை விற்பனை காத்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் முதல் இரண்டு தவணையும் வந்திருந்தால், மீதிக்குக் காத்திருக்காமல் முதல் அச்சாக லேபிளுக்குத் தலா 3,000 வரை அடித்து விற்க அனுமதி தருகிறேன். கடைசித் தவணை கெடு தாண்டி 30 நாள் ஆகிவிட்டால் இந்த அனுமதி நின்றுவிடும். புதிதாக அச்சடிக்கக் கூடாது. ஏற்கெனவே பொட்டலத்தில் ஒட்டியதை நான் திரும்பக் கேட்க மாட்டேன்.

நீங்கள் தேர்ந்தெடுக்காத வரைவுகளும் நான் பயன்படுத்தும் எழுத்துருக்களும் உங்களுக்கு மாறாது. எழுத்துருவின் உரிமம் அதைச் செய்தவருடையது; அச்சுக்கு எழுத்துகளை வடிவங்களாக மாற்றித் தருவேன். போஸ்டரின் கீழ் ஓரத்தில் என் பெயர் சிறியதாக இருக்கும், லேபிளில் வேண்டியதில்லை. விற்பனை தொடங்கிய பிறகு இவற்றை என் வேலைகளின் தொகுப்பில் காட்டுவேன்.

5. தாமதமான கட்டணத்துக்கு வட்டி

கெடு முடிந்த மறுநாளிலிருந்து, பாக்கித் தொகைக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு தனிவட்டி, நாள் கணக்கில். வட்டிக்கு வட்டி கிடையாது. உதாரணமாக 1,440 வெள்ளி 45 நாள் தாமதமானால்:

1,440 × 12% × 45 ÷ 365 = 21 வெள்ளி 30 காசு

இது அபராதம் அல்ல. தாமதமாகும் நாள்களில் என் மென்பொருள் கட்டணத்தையும் வாடகையையும் கடன் அட்டையில் கட்ட வேண்டியிருக்கும். அந்த இழப்பை நியாயமாக மதிப்பிட்டே இந்த விகிதத்தை வைத்திருக்கிறோம். முன்பு ஒரு வேலையில் எட்டு மாதம் காத்திருந்து, கேட்கவே கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். இனி அந்தக் கூச்சம் இருவருக்குமே வேண்டாம் என்றுதான் விகிதத்தை முன்கூட்டியே எழுதுகிறேன்.

கெடு தாண்டி 10 நாள் ஆனால் மீதி வேலையை நிறுத்தி வைப்பேன். இன்வாய்ஸில் ஏதாவது தப்பு என்று தோன்றினால் ஏழு நாளுக்குள் எழுதுங்கள். சந்தேகமுள்ள பகுதியைப் பேசித் தீர்க்கும் வரை அதற்கு வட்டி ஓடாது, மற்றதை நேரத்தில் கட்ட வேண்டும்.

6. நடுவில் நிறுத்தினால்

யார் வேண்டுமானாலும் ஏழு நாள் முன்னறிவிப்புடன் நிறுத்தலாம். நீங்கள் நிறுத்தினால் முன்பணம் திரும்ப வராது. அதற்கு மேல் செய்த வேலைக்கு மணிக்கணக்கில் கட்டணம் உண்டு. நான் நிறுத்தினால், செய்யாத வேலைக்கு வாங்கிய பணத்தை 14 நாளில் திருப்பித் தருவேன்.

7. பிணக்கு வந்தால்

முதலில் நேரில் பேசுவோம். 14 நாளில் தீராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரையிலான வழக்கை, வழக்குக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். இந்த ஒப்பந்தத்துக்குச் சிங்கப்பூர்ச் சட்டமே பொருந்தும். மன்றத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால் செலவு பாதிப் பாதி.

இரண்டு பிரதிகள், ஆளுக்கு ஒன்று. படித்து, ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டோம்.

மீனாட்சி, வடிவமைப்பாளர், 6 ஜூலை 2026
முத்துக்குமார், கடை உரிமையாளர், 6 ஜூலை 2026