பெரும்போக நெல் விதைப்பு: ஏக்கருக்கு 2 புசல் போதுமா, 4 புசல் வேணுமா? | விதை நெல் அளவு, உப்புத் தண்ணிச் சோதனை, முளைப்பு | மட்டக்களப்பு, அம்பாறை

ஏக்கருக்கு எத்தனை புசல் விதைக்கிறீங்க? வெல்லாவெளிப் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்டால் மூன்று, நாலு என்றுதான் பதில் வரும். அரசாங்க சிபாரிசு ஏறக்குறைய 40 கிலோ, அதாவது 2 புசல். மிச்ச 2 புசலும் எங்கே போகுது? அதைத்தான் இந்த வீடியோவில் நம்ம வட்டையிலேயே இறங்கி, மணிமணியா எண்ணிக் காட்டியிருக்கிறோம்.

கணக்கைப் பாருங்க. நாட்டரிசி நெல்லில் ஆயிரம் மணி ஏறக்குறைய 25 கிராம். அப்ப ஒரு கிலோவில் 40,000 மணி இருக்கும். ஒரு புசல் 21 கிலோ என்று பிடித்தால் 2 புசலில் 16 லட்சம் மணிக்கு மேலே வரும். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. பிரித்துப் பார்த்தால் ஒரு சதுர அடிக்குள் 38 மணி விழுகுது. 4 புசல் விதைத்தால் 77. ஒரு அடிக்கு ஒரு அடி கம்பியை வளைத்து, விதைத்த 14ஆம் நாள் வயலில் போட்டு எண்ணிப் பாருங்க. 4 புசல் விதைத்த இடத்தில் முளைத்த நாற்றெல்லாம் ஒன்றோடொன்று அடிபட்டு, மெலிஞ்சு, மஞ்சளிச்சு நிற்கும். எண்ணினால் தெரியும், தெரிந்தால் விதைக் காசு மிஞ்சும்.

சம்பா, கீரிச்சம்பா விதைக்கிற ஆட்கள் கவனம்: அது சின்ன மணி. அதே 2 புசலைப் போட்டால் மணி எண்ணிக்கை இன்னும் கூடும். அதனால் கிலோவை நம்பாமல் மணியை எண்ணுங்க.

இதில் என் பிழையும் ஒன்று இருக்கு. ஒரு மாரியில் தண்ணி வந்து விதை அழுகிடுமே என்ற பயத்தில் ஏக்கருக்கு 4 புசலுக்கு மேலே எறிந்தேன். தண்ணி வரவில்லை, பயிர் மட்டும் நெருக்கி வந்தது. காற்றுப் போக இடமில்லை, யூரியாவும் கூடிப்போனது. குடலைப் பருவத்தில் அறக்கொட்டி (கபில நிறத் தத்தி) விழுந்து வட்டம் வட்டமாய்க் கருகிப்போனது. வரம்பில் நின்று பார்த்தால் பச்சையாய்த்தான் தெரிந்தது. உள்ளே இறங்கி அடித்தண்டைப் பிரித்துப் பார்க்கையில்தான் பூச்சி பொதுபொதுவென்று கிடந்தது. நீங்க பிரித்துப் பார்க்க மறக்காதீங்க.

அந்த பயத்திலும் நியாயம் இருக்கு. 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம் மட்டக்களப்பு, அம்பாறை வயல்களை என்ன பாடு படுத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் விதையைக் கூட்டுவதால் வெள்ளம் குறையாது. தண்ணிக்கு அடியில் நாலைந்து நாள் மூச்சுவிட வழியில்லாமல் கிடந்தால் 2 புசலும் அழுகும், 4 புசலும் அழுகும். செய்ய வேண்டியது பலகை அடித்து மட்டம் சரிபண்ணுவது, வக்கடையைத் தாழ்த்திவைப்பது, மழை விட்டதும் வடியவிடுவது. பறவைத் தொல்லை, பள்ளக்காணி என்று உங்களுக்குத் தெரிந்த குறை இருந்தால் அரைப் புசல் கூட்டுங்க. அதுக்கு மேலே வேண்டாம்.

வீடியோவில் எது எங்கே:
0:00 நம்ம வட்டையில் 2 புசல், 4 புசல் பக்கத்துப் பக்கம்
1:40 சதுர அடிக் கம்பி போட்டு எண்ணுவது
4:05 100 மணி முளைப்புச் சோதனை
6:20 முட்டை மிதக்கும் உப்புத் தண்ணி
9:10 ஊறவைப்பது, மூட்டம் போடுவது
12:30 பலகை அடித்தல், வக்கடை
15:00 அறக்கொட்டி வந்த இடத்தை அடையாளம் காண்பது

சோதனைக்கு அவசரப்படுகிற ஆட்களுக்கு எழுத்திலும் தருகிறேன். ஈரச் சாக்குத் துண்டில் 100 மணி சுற்றி வையுங்க. 85க்குக் குறையாமல் முளைத்தால் விதை நல்லது, குறைந்தால் அந்த மூடையை விட்டுடுங்க. பதர் நீக்க வாளித் தண்ணியில் உப்பைக் கரைத்துக்கொண்டே வாங்க, கோழிமுட்டை மேலே வந்து உச்சி மட்டும் வெளியே தெரியும் வரைக்கும். அதில் நெல்லைக் கொட்டி, மிதப்பதை அள்ளிவிட்டு, அடியில் தங்கியதை உடனே இரண்டு தரம் நல்ல தண்ணியில் கழுவணும். கழுவாமல் விட்டால் உப்பு முளையைக் கெடுக்கும். நிறைய ஆட்கள் இங்கேதான் கோட்டை விடுகிறாங்க. அப்புறம் 24 மணித்தியாலம் ஊறல், சாக்கில் 36 முதல் 48 மணித்தியாலம் மூட்டம். வெள்ளை முனை எட்டிப்பார்த்தால் போதும், வேர் நீளவிட்டால் எறியும்போது ஒடியும். இது சேற்று விதைப்புக்கு. புழுதி விதைப்பு, மானாவாரிக் காணி என்றால் முளைகட்டத் தேவையில்லை, காய்ந்த விதைதான்.

காலம்: பெரும்போகம் (மாரி) விதைப்பு ஒக்டோபர், நவம்பர். அறுவடை பெப்ரவரி, மார்ச். சிறுபோகம் (கோடை) ஏப்ரலில் தொடங்கி யூலை, ஆகஸ்டில் முடியும். உன்னிச்சை, நவகிரி, சேனநாயக்க சமுத்திரத் தண்ணியில் செய்கிற ஆட்கள் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்த திகதியைப் பார்த்தே விதையுங்க. தனியா முந்தினால் பூச்சி எல்லாம் உங்க வயலுக்குத்தான் வரும். நெல் இனம்: மூன்று மாதம் என்றால் பிஜி 300, ஏடி 308. மூன்றரை மாதம் என்றால் பிஜி 352, பிஜி 94-1, சிவப்பு நெல் ஏடி 362.

அளவுகள்: 1 ஏக்கர் = 4 ரூட் = 160 பேர்ச்சஸ். 1 ஹெக்டயர் ஏறக்குறைய 2½ ஏக்கர். 1 புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. மூடை, அவணம், மரைக்கால் எல்லாம் ஊருக்கு ஊர் மாறுது. சம்மாந்துறைக்காரரின் மூடையும் கிரான்காரரின் மூடையும் ஒன்றா என்று கேட்டு வருகிற சண்டை நமக்கு வேண்டாம். அதனால் வீடியோ முழுக்க கிலோவும் 21 கிலோப் புசலும்தான்.

மேட்டுக்காணிக்காரர் கேட்ட இரண்டுக்கும் சுருக்கமாக: சோளன் 60 சென்ரிமீற்றருக்கு 30 சென்ரிமீற்றர், ஏக்கருக்கு ஏறக்குறைய 6 கிலோ விதை. பயறு 30க்கு 10, ஏக்கருக்கு 12 கிலோ. மாரி நெல் அறுத்த ஈரத்தில் பயறு போடலாம், இரண்டு மாதத்தில் கைக்கு வந்திடும். கச்சானுக்குத் தனி வீடியோ வருது. கௌபி, உழுந்து, எள்ளு, கத்தரி, மிளகாய் வீடியோக்கள் பட்டியலில் இருக்கு.

உரம், களைக்கொல்லி அளவை கமெண்டில் கேட்காதீங்க தம்பிமார், நான் சொல்ல மாட்டேன். மண்ணைப் பார்க்காமல் சொன்னால் பிழையாகிடும். கமநல சேவை நிலையத்துக்குப் போய் உங்க விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்க, இல்லாட்டி விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழைச்சுக் கேளுங்க. கமெண்டில் இதை மட்டும் எழுதுங்க: ஊர், என்ன நெல், ஏக்கருக்கு எத்தனை புசல், 14ஆம் நாள் சதுர அடிக்குள் எத்தனை நாற்று. பெரியபோரதீவு, வவுணதீவு, ஏறாவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆட்களின் எண்ணிக்கையை எல்லாம் சேர்த்து அறுவடை நேரம் ஒரு வீடியோவில் காட்டுறன்.

#பெரும்போகம் #சிறுபோகம் #மாரிவேளாண்மை #நெல்விதைப்பு #விதைநெல் #புசல் #ஏக்கர் #பிஜி300 #பிஜி352 #ஏடி362 #அறக்கொட்டி #புழுதிவிதைப்பு #மட்டக்களப்பு #அம்பாறை #சோளன் #பயறு #கச்சான்