ஜூன் 17, 18: அடையாறு மண்டலத்தில் மெட்ரோ தண்ணீர் வராது, இப்போதே பிடித்து வையுங்கள்

திருவான்மியூர், பெசன்ட் நகர், இந்திரா நகர், தரமணி, வேளச்சேரி மக்களே, ஜூன் 17 செவ்வாய் காலை 8 மணி முதல் ஜூன் 18 புதன் இரவு 8 மணி வரை உங்கள் தெருக்களில் குழாய்த் தண்ணீர் வராது. நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் பிரதானக் குழாயில், ஈ.சி.ஆர் ஓரமாக, பழைய வால்வு ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியது பொருத்துகிறார்கள். குழாயை முழுவதும் காலி செய்தால்தான் இந்த வேலையில் கை வைக்கவே முடியும், அதனால்தான் 36 மணி நேரம்.

திங்கட்கிழமை வழக்கம்போல் தண்ணீர் வரும். அன்றைக்கே சம்ப்பை நிரப்பிக்கொள்ளுங்கள், குடிக்கவும் சமைக்கவும் தனியாக மூடி போட்ட பாத்திரத்தில் எடுத்து வையுங்கள். மாடியில் தனியாக இருக்கும் பெரியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், இவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எல்லோரும் ஃபோனில் இதைப் பார்க்க மாட்டார்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் லிஃப்ட் பக்கத்தில் எழுதி ஒட்டினால் போதும்.

குழாய் இணைப்பு இல்லாத தெருக்களுக்கும், எப்போதுமே பிரஷர் குறைவாக வரும் இடங்களுக்கும் லாரித் தண்ணீர் நிற்காது, தெருமுனை சின்டெக்ஸ் தொட்டிகளிலும் வழக்கம்போல் நிரப்புவார்கள். வீட்டுக்குத் தனியாக லாரி வேண்டுமென்றால் cmwssb.tn.gov.in தளத்தில் பதிவு செய்யலாம். செவ்வாய் மதியத்துக்கு மேல் கூட்டம் கூடிவிடும், தேவை என்று தெரிந்தால் முன்னாடியே பதிந்துவிடுங்கள்.

முக்கியமான ஒன்று. புதன் இரவு தண்ணீர் திரும்ப வரும்போது முதலில் காற்றும் கொஞ்சம் கலங்கலும் வரும், கடைசித் தெருக்களுக்கு வந்து சேர வியாழன் காலைகூட ஆகலாம். அந்த அவசரத்தில் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சாதீர்கள், தயவுசெய்து. குழாயில் எங்காவது சின்ன விரிசல் இருந்தால் வெளியிலிருக்கும் சாக்கடை நீரும் சேர்ந்து உள்ளே இழுபடும், உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, தெரு முழுக்கப் போகும். கலங்கல் தெளியும்வரை அந்தத் தண்ணீரை வாசல் கழுவப் பயன்படுத்துங்கள், குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

தண்ணீர் சம்பந்தமான எந்தப் புகாருக்கும் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். லைன் பிஸியாக இருந்தால் 044-45674567. தெரு விளக்கு, குப்பை போன்ற மாநகராட்சி விஷயங்களுக்கு 1913, தண்ணீருக்கு அது வேண்டாம். கூப்பிடும்போது தெருப் பெயர், வார்டு எண், பக்கத்தில் தெரிகிற கோயிலோ கடையோ ஏதாவது ஓர் அடையாளம் சொன்னால் லாரி தேடி அலையாமல் வந்துவிடும். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி கேட்க அதுதான் வேண்டும்.

வேலை முன்னதாக முடிந்தாலும் தாமதமானாலும் இதே பக்கத்தில் உடனே சொல்கிறோம்.

அடையாறு மண்டல அலுவலகம், பெருநகர சென்னை மாநகராட்சி