270 நாள், 141 முறை

இடது பக்கம் இருக்கிற என் படம் ஜனவரி 8-ஆம் தேதி எடுத்தது. வலது பக்கம் இன்றைக்கு, அக்டோபர் 5, காலை ஆறே முக்காலுக்கு எடுத்தது. அதே ஜிம், அதே கண்ணாடி, அதே ஜன்னல் வெளிச்சம். அதே நீல டிரவுசர்தான். இப்போது நாடாவை நன்றாக இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு படத்திலும் மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை, பில்டர் போடவில்லை. உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தேன். இந்தப் படத்தைப் போடுவதற்கு எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

எடை 93.4 கிலோவிலிருந்து 81.6. இடுப்பு 106 சென்டிமீட்டரிலிருந்து 93. இந்தியர்களில் ஆண்களுக்கு இடுப்பு 90-க்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள், அதனால் இன்னும் 3 பாக்கி. வயிற்றில் கட்டம் கட்டமாக எதுவும் தெரியாது. தெரிகிற தோள் நானாகச் சம்பாதித்த தோள்.

பல பேர் நேரில் கேட்டதால் ஏன் ஆரம்பித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். போன வருசம் அப்பாவுக்குக் காலில் கெளுத்தி முள் குத்தியது. கடலுக்குப் போகிறவர்களுக்கு இது புதிதில்லை. அப்பாவே வாழ்நாளில் எத்தனையோ தடவை வாங்கியிருப்பார். இந்தத் தடவை புண் ஆறவே இல்லை. நாலு மாதம். சர்க்கரை இருந்ததுதான் காரணம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றக் கூட்டிப்போனது நான். அப்படிப் போன ஒரு நாளில் நர்ஸ் அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, நீங்களும் ஒரு தடவை டெஸ்ட் எடுத்திருங்க" என்றார்கள். எடுத்தேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.2 வந்தது. 5.7-க்குக் கீழே இருக்க வேண்டியது, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி. நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். வயசு 34.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஏலக்கடையில் கணக்கு. படகு வந்தால் விடியுமுன் ஓட்டம், அப்புறம் நாள் முழுக்க நாற்காலி. ராத்திரி பரோட்டா. கடலில் வேலை பார்க்கிற வீட்டில் பிறந்தவன் என்பதால் உடம்பு தானாகத் திடமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜனவரி முதல் வாரத்தில் அப்பாவின் வத்தையைக் கரையேற்ற எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்தோம். பாதியில் எனக்கு மூச்சு முட்டியது. கயிற்றை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏழு பேராக இழுத்து முடித்தார்கள். அப்பா கட்டுப் போட்ட காலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் ஜிம்மில் போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் ஜிம்மைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், ரெண்டு ஸ்டாண்டு பேன், ஒரு கண்ணாடி. இந்தப் பக்கம் வடகடல், அந்தப் பக்கம் தென்கடல். எங்கள் மண்டபம் ஊரில் இரும்புக்கு ஆயுசு கிடையாது. ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் ராடில் செம்மண் பூசினதுபோல துரு ஏறிவிடும். மாஸ்டர் தினமும் ராத்திரி கடையைச் சாத்துமுன் எண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொரு ராடாக, ஒவ்வொரு பிளேட்டாகத் துடைப்பார். காலையில் வந்து காய்ந்த துணியால் இன்னொரு தடவை. அப்படியும் பயிற்சி முடிந்து உள்ளங்கையைப் பார்த்தால் விரல்கள் தொடங்குகிற இடத்தில் வரிசையாக நாலு காய்ப்பு, அந்தக் காய்ப்பின் ஓரத்தில் துருவின் மஞ்சள். சோப்புப் போட்டாலும் ஒரே தேய்ப்பில் போகாது. என் மகள் ஒரு நாள் அவள் தாத்தா கையையும் என் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்பாவுக்குக் காய்ப்பு விரல்களின் நடுக்கணுவில், கயிறு ஓடுகிற இடத்தில். எனக்கு அதற்குக் கீழே. "ரெண்டு பேரும் வேற வேற வேலை பார்க்குறீங்க" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

முதல் மாதம் மாஸ்டர் எனக்கு வெயிட்டே தரவில்லை. வெறும் 20 கிலோ ராடு. ஸ்குவாட்டில் முட்டி எங்கே போகிறது, முதுகு எங்கே வளைகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். டெட்லிப்ட் சொல்லிக்கொடுக்கும்போது, "மீன் கூடையைத் தூக்குற மாதிரி தூக்காத. கூடைய நீ முதுகால தூக்குற. இதக் காலால தரையத் தள்ளித் தூக்கணும்" என்றார். அடுத்த நாள் ஏலத்தில் கூடையையும் அப்படியே தூக்கிப் பார்த்தேன். அதன்பிறகு இன்றுவரை கூடை தூக்கி இடுப்பு பிடித்ததில்லை.

ஆனால் மார்ச்சில் ஒரு தப்புச் செய்தேன். 80 கிலோ நன்றாக வருகிறதே என்று, அவர் இல்லாத ஒரு சாயங்காலம் 100 போட்டேன். கீழ் முதுகு இழுத்துக்கொண்டது. ரெண்டு வாரம் ஜிம்முக்குப் போகவில்லை. திரும்பி வந்தபோது அவர் திட்டவில்லை, 40 கிலோவில் ஆரம்பிக்க வைத்தார். ஒரு தடவைக்கு ரெண்டரைக் கிலோதான் ஏற்றம், சில வாரம் அதுவும் இல்லை. இன்றைக்கு டெட்லிப்ட் 115, ஸ்குவாட் 90. இதைவிட அதிகம் தூக்குகிற தம்பிகள் அதே ஜிம்மில் இருக்கிறார்கள், அவர்களிடம்தான் பாதி விசயம் கற்றுக்கொண்டேன். இருந்தாலும் 40-லிருந்து 115-க்கு வந்த ஒவ்வொரு ரெண்டரைக் கிலோவும் என் நோட்டில் தேதியோடு இருக்கிறது. அந்த நோட்டுதான் எனக்கு இந்தப் படத்தைவிடப் பெரிசு. நாப்பது பக்க நோட்டு, வியர்வையில் ஓரம் சுருண்டு, பென்சில் எழுத்து சில இடத்தில் அழிந்து கிடக்கிறது. 270 நாளில் 141 முறை போயிருக்கிறேன். எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

படகு வருகிற நாளில் காலையில் போக முடியாது, சாயங்காலம் போனேன். மற்ற நாள் காலை அஞ்சரை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு போகாது, கடையில் வேலையும் இல்லை, வருமானமும் இல்லை. மாதம் 700 ரூபாய் பீஸ் கட்டுவதா வேண்டாமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசினோம். நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லத்தான் மாஸ்டரிடம் போனேன். "படகு போனதும் குடு, இப்ப போய் ராட எடு" என்று சொல்லிவிட்டார். ஜூலையில் கட்டினேன். அந்த ரெண்டு மாதமும், மே மாத வெயிலில், ஷீட்டுக்குக் கீழே, ஒரு பாட்டில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரோடு தவறாமல் போனேன். எனக்குள் மாற்றம் நடந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். கடன் சொல்லி வாங்கிய இடத்தில் வீணாக்க மனசு வரவில்லை.

சாப்பாடு என்ன என்று கேட்கிறவர்களுக்கு: பவுடர் எதுவும் வாங்கவில்லை. நம் ஊரில் மீனுக்கு என்ன குறை? நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. விலை ஏறின சீலாவும் விளைமீனும் தேவையில்லை, சாளையும் சூடையும் காரலும் போதும். வறுத்ததைக் குறைத்துக் குழம்பும் அவியலுமாகச் சாப்பிட்டேன். தடைக்காலத்தில் மீன் விலை எகிறியபோது முட்டையும் பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும். சோற்றை விடவில்லை. மூன்று கரண்டி போடுகிற இடத்தில் ஒன்றரை, மிச்சத்துக்குக் காய். ராத்திரி பரோட்டா ஞாயிற்றுக்கிழமை மட்டும். இதையெல்லாம் கணக்குப் பார்த்துச் செய்து கொடுத்தது என் வீட்டுக்காரி. அவளும் காலையில் அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறாள் என்பது இந்தப் படத்தில் தெரியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜூன் கடைசியிலிருந்து அஞ்சு வாரம் எடை 84-லேயே நின்றுவிட்டது. கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிற நேரம், வண்டியில் ஜிம்முக்குப் போவதே பாடு. விட்டுவிடலாம் என்று தோன்றியது அப்போது ஒரு தடவைதான். மாஸ்டர் டேப் எடுத்து இடுப்பை அளந்தார். அந்த அஞ்சு வாரத்தில் 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. தராசு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது எனக்குத் தெரிந்தே இருக்காது. இந்த நிலையில் யாராவது இருந்தால், தயவுசெய்து ஒரு டேப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் சர்க்கரை மறுபடியும் பார்த்தேன். 5.6. தாளை அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கு அந்த எண் நன்றாகத் தெரியும், இப்போது அவரே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார். காலும் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. தாளை மடித்துத் தன் மாத்திரை டப்பாவில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பரில் காற்று பலமாக இருக்கும் என்று எச்சரிக்கை வந்த அன்றைக்கு மறுபடியும் வத்தையைக் கரையேற்றினோம். இந்தத் தடவை கயிற்றின் முன்பக்கம் நான். கடைசி இழுப்பு வரைக்கும் விடவில்லை. வத்தை மணலில் ஏறி நின்றதும் அப்பா எல்லோரையும் தாண்டி வந்து நங்கூரத்தை என் கையில் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டுபோய் மேட்டில் ஊன்றுவது இத்தனை வருசமாக அவர் வேலை.

மாஸ்டருக்கும், கூடப் பயிற்சி செய்கிற தம்பிகளுக்கும், அந்த நர்ஸ் அக்காவுக்கும் நன்றி. யாருக்காவது ஆரம்பிக்கும் எண்ணம் இருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள், முதல் நாள் நானே கூட வருகிறேன்.

நாளைக்குக் காலை அஞ்சரை, கால் பயிற்சி. ஸ்குவாட் 92.5.