ஆற்று மணலுக்கு மாற்றாக எம்-சாண்ட் பயன்படுத்த அனுமதி கோரும் கடிதம்

திருச்சிராப்பள்ளி
12 மார்ச் 2025

அனுப்புநர்:
தளப் பொறியாளர், ஒப்பந்ததாரர் சார்பில்,
மாணவர் விடுதிக் கட்டடப் பணித்தளம், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
கட்டுமான ஆலோசகப் பொறியாளர்,
மாணவர் விடுதிக் கட்டடப் பணி.

பொருள்: இரண்டாம் தளக் கூரை முதலான கான்கிரீட் பணிகளுக்கும் செங்கல் கட்டுக்கும் எம்-சாண்ட் பயன்படுத்துதல் – ஒப்புதல் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நமது ஒப்பந்தத்தின் பொருள் விவரப் பகுதி, நுண்சல்லியாக "இரண்டாம் மண்டல ஆற்று மணல், அல்லது ஆலோசகரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன் அதற்கு இணையான பொருள்" என்று கூறுகிறது. அந்த இரண்டாவது வாய்ப்பின்படி இதை எழுதுகிறேன்.

ஜனவரி முதல் மணல் வரத்து ஒழுங்காக இல்லை. பதிவு செய்த லோடு எப்போது வரும் என்று எவரும் உறுதி சொல்வதில்லை. வந்த லோடுகளில் சிலவற்றில் களிமண் அதிகமிருந்ததால் திருப்பி அனுப்பினோம். ஏப்ரல் 2 அன்று கூரை வார்க்க வேண்டிய நிலையில், ஒரே வார்ப்பின் நடுவே மணல் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

நாங்கள் முன்வைப்பது, புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள, பொதுப்பணித்துறையின் தரமதிப்பீட்டுச் சான்று பெற்ற ஆலையின் கழுவிய எம்-சாண்ட். இரண்டு மணலையும் கொண்டு ஒரே கலவை விகிதத்தில் (எம்25, கன மீட்டருக்கு 340 கிலோ சிமெண்ட், நீர்–சிமெண்ட் விகிதம் 0.48) பிப்ரவரி 8 அன்று சோதனைக் கட்டிகள் வார்த்தோம். வலிமை எண்கள் ஒவ்வொன்றும் மூன்று கட்டிகளின் சராசரி.

| விவரம் | ஆற்று மணல் | எம்-சாண்ட் |
|---|---|---|
| ஐ.எஸ். 383:2016 தர மண்டலம் | இரண்டு | இரண்டு |
| 75 மைக்ரானுக்குக் கீழான துகள் | 2.1% (வரம்பு 3%) | 6.8% (வரம்பு 15%) |
| ஒப்படர்த்தி | 2.62 | 2.68 |
| நீர் உறிஞ்சுதல் | 1.1% | 1.9% |
| ஸ்லம்ப், 0.6% கலவை ரசாயனத்துடன் | 100 மி.மீ. | 80 மி.மீ. |
| ஸ்லம்ப், 0.8% கலவை ரசாயனத்துடன் | செய்யவில்லை | 100 மி.மீ. |
| 7 நாள் வலிமை (நியூட்டன்/ச.மி.மீ.) | 22.4 | 23.1 |
| 28 நாள் வலிமை (நியூட்டன்/ச.மி.மீ.) | 33.2 | 34.6 |
| தளத்தில் சேரும் விலை, யூனிட்டுக்கு | ரூ.12,500 | ரூ.6,200 |
| வரத்து | உறுதியில்லை | கேட்ட மறுநாள் |

எம்25-க்கு நாம் எட்டவேண்டிய சராசரி இலக்கு 31.6. இரண்டும் அதைத் தாண்டிவிட்டன. எம்-சாண்டின் எண் சற்றுக் கூடுதலாக இருப்பதை நான் பெரிதுபடுத்தவில்லை. சோதனைக் கட்டிகளில் இந்த அளவு ஏற்ற இறக்கம் இயல்பு. குறையவில்லை என்பதே இங்கே பொருட்டு.

உண்மையான வேறுபாடு ஸ்லம்பில் இருக்கிறது. ஆற்று மணலின் துகள் நீரில் உருண்டு மழுங்கியது. எம்-சாண்டின் துகளுக்கு முனை உண்டு. அதனால் கலவை இறுக்கமாக நிற்கும், கொத்தனார் தண்ணீர் கேட்பார். அங்கேதான் வலிமை கெடும். ஆகவே தண்ணீரைக் கூட்டாமல், கலவை ரசாயனத்தை மட்டும் சிமெண்ட் எடையில் 0.6-லிருந்து 0.8 விழுக்காடாக உயர்த்த வேண்டுகிறோம். கலவை இயந்திரத்தின் அருகே தண்ணீர் அளப்பதற்கென்றே ஒருவரை நிறுத்துவோம்.

மற்றோர் ஆபத்தையும் மறைக்க விரும்பவில்லை. கிரஷர் தூசியையே எம்-சாண்ட் என்று விற்பவர்கள் சந்தையில் இருக்கிறார்கள். எனவே வேறு ஆலைச் சரக்கை ஏற்கமாட்டோம். ஒவ்வொரு லோடுக்கும் ஆலையின் ரசீதைச் சரிபார்ப்போம். பத்து லோடுக்கு ஒருமுறை சல்லடைப் பகுப்பாய்வும் 75 மைக்ரான் சோதனையும் செய்து முடிவைத் தங்களுக்கு அனுப்புவோம். நுண்துகள் 10 விழுக்காட்டைத் தாண்டினால், தரநிலை அனுமதித்தாலும், அந்த லோடைத் திருப்பி அனுப்புவோம்.

பூச்சு வேலைக்கு இந்தக் கோரிக்கை பொருந்தாது. அதற்கு ஆற்று மணலே தொடரும். தேவை குறைவு என்பதால் இருப்பைச் சேர்த்துவைக்க முடியும்.

செலவுக் கணக்கு: மீதமுள்ள தேவை கான்கிரீட்டுக்கு 65 யூனிட், செங்கல் கட்டுக்கு 20 யூனிட். யூனிட்டுக்கு ரூ.6,300 வீதம் மிச்சம் ரூ.5,35,500. கூடுதல் ரசாயனத்துக்கு ரூ.16,700, சோதனைகளுக்கு ரூ.14,000 கழித்தால் ரூ.5,04,800. இந்தத் தொகை முழுவதையும் உரிமையாளருக்குரிய குறைப்பாகப் பட்டியலில் காட்டுவோம். கட்டட வடிவமைப்பிலோ பணிக்காலத்திலோ மாற்றம் கோரவில்லை.

ஆய்வக அறிக்கைகளும் ஆலைச் சான்றின் நகலும் இத்துடன் உள்ளன. மாதிரி ஒரு மூட்டை தள அலுவலகத்தில் இருக்கிறது. தங்கள் முன்னிலையில் மற்றொரு தொகுதிக் கட்டிகள் வார்க்க விரும்பினால் எந்த நாளிலும் ஏற்பாடு செய்கிறோம். 7 நாள் முடிவு கூரை வார்ப்புக்கு முன் கிடைக்க, மார்ச் 24-க்குள் வார்த்தாக வேண்டும். ஆகவே மார்ச் 20-க்குள் தங்கள் எழுத்துப்பூர்வ முடிவைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். அதுவரை எம்-சாண்ட் ஒரு லோடும் பணியில் சேராது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தளப் பொறியாளர்

இணைப்பு: ஆய்வக அறிக்கைகள், ஆலைச் சான்று, விலைப்புள்ளிகள்
நகல்: கட்டட உரிமையாளர்