பத்து வாரத் திட்டம்: ஆபாசப் படத்தைக் குறைக்கவும் உடலைத் திரும்பப் பழக்கவும்

வணக்கம். நாம் இரண்டு முறை பேசியதை வைத்து உங்களுக்கென்றே எழுதியது இது. அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம், போனில் மட்டும் வைக்க வேண்டாம். அந்த வாரத்துக்கு உரியதை அந்தந்த வாரத்தில் படித்தால் போதும்.

நீங்கள் சொன்னது இது. வாரத்தில் ஆறு இரவு, மனைவி தூங்கிய பிறகு பதினொன்றரை மணிக்குப் போனை எடுக்கிறீர்கள். வைக்கும்போது ஒன்றரை ஆகிவிடுகிறது. பார்க்கும் நேரத்தைவிட அடுத்த வீடியோ தேடும் நேரம்தான் அதிகம். நான்கு வருடமாக நிறுத்த முயன்று முடியவில்லை. கடந்த ஒரு வருடமாக மனைவியுடன் இருக்கும்போது விறைப்பு பாதியில் இறங்கிவிடுகிறது, அதனால் அந்தப் பக்கமே போகாமல் தள்ளிப்போடுகிறீர்கள்.

உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் இதற்கு ஓர் இடம் உண்டு. உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத பிரச்சினைகளின் கீழ், பாலியல் நடத்தையில் அடக்க முடியாத கட்டாயம் என்று வைத்திருக்கிறார்கள். போதைப் பழக்கங்களின் வரிசையில் அதைச் சேர்க்கவில்லை. அதில் இன்னொன்றும் இருக்கிறது: ‘நான் செய்வது பாவம்’ என்ற குற்ற உணர்வு மட்டும் இருந்தால் அது இந்த நோய் ஆகாது. தூக்கம், வேலை, உறவு கெடுகிறதா, நிறுத்த நினைத்தும் முடியவில்லையா என்றுதான் பார்க்கிறார்கள். உங்களுக்கு மூன்றும் கெட்டிருக்கிறது. நாம் வேலை செய்யப்போவது அதில். சுய இன்பம் உடலைக் கெடுக்கும் என்ற பயத்தை இங்கேயே விட்டுவிடுங்கள், அது கெடுப்பதில்லை.

தொண்ணூறு நாள் படமே பார்க்காமல் இருக்கும் சவாலைப் பற்றிக் கேட்டீர்கள். தொண்ணூறு என்ற எண்ணுக்குப் பின்னால் மருத்துவ ஆதாரம் இல்லை. நாள் எண்ணுவதில் எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இருபத்து மூன்றாம் நாள் ஒருவர் தடுக்கினால், இருபத்திரண்டு நாளில் கற்றதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார். அதனால் இந்தத் திட்டத்தில் நாள் எண்ணிக்கை கிடையாது.

உடல் பரிசோதனை முடிந்துவிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம், டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் சரி. மன அழுத்த மாத்திரை எதுவும் எடுக்கவில்லை, அவற்றில் சில விறைப்பையும் உச்சத்தையும் பாதிக்கும். காலையில் எழும்போது விறைப்பு வருகிறது என்றீர்கள். ரத்த ஓட்டமும் நரம்பும் தம் வேலையைச் செய்கின்றன என்பதற்கு அது நல்ல அடையாளம். சிக்கல் பெரும்பாலும் பழக்கத்திலும் பதற்றத்திலும் இருக்கிறது. எவ்வளவு பங்கு படத்துக்கு, எவ்வளவு பங்கு ‘இன்றைக்கும் இறங்கிவிடுமோ’ என்ற பயத்துக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் மருந்து ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள்

எப்போதும்போல் பாருங்கள். ஆனால் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, எங்கே இருந்தீர்கள், அதற்கு முந்தைய அரை மணி நேரம் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் ஓடியது, வைத்த பிறகு எப்படி இருந்தது. வேறு யாராவது நோட்டைத் திறந்துவிடுவார்களோ என்றிருந்தால் குறியீடு போட்டுக்கொள்ளுங்கள்.

‘முந்தைய அரை மணி நேரம்’ என்ற பகுதியைத் தவற விடாதீர்கள். ஆசை வந்துதான் போனை எடுக்கிறேன் என்று நம்மிடம் எல்லோரும் சொல்வார்கள். எழுதிப் பார்த்தால் பாதி நாள் ஆசையே இருக்காது. மேலாளரிடமிருந்து வந்த ஒரு மெசேஜ், மனைவியோடு ஒரு முணுமுணுப்பு, அல்லது வெறும் சலிப்பு. அது தெரிந்தால்தான் பின்னால் எதை மாற்றுவது என்று தெரியும்.

இரண்டாம் வாரம்: இடத்தை மாற்றுங்கள்

போன் படுக்கையறைக்குள் வரக் கூடாது. சார்ஜர் கூடத்தில் இருக்கட்டும். அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் வாங்குங்கள். கழிப்பறைக்கும் போன் வேண்டாம். பார்ப்பதானால் கூடத்தில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டுக்கொண்டுதான். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் இருட்டும் போர்வையும் இல்லாமல் அந்தப் பழக்கத்துக்குப் பாதி பலம் போய்விடும்.

தடுப்பும் போடலாம். உங்களுடையது ஆண்ட்ராய்டு போன். Settings-இல் Private DNS என்று தேடி, அந்தப் பெட்டியில் இதை எழுதுங்கள்:

```
family.cloudflare-dns.com
```

பெரும்பாலான ஆபாசத் தளங்கள் திறக்காது. எடுத்துவிட அரை நிமிடம் போதும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் இது, யோசிக்க ஒரு இடைவெளி கிடைக்கும். மூன்றாம் வாரத்திலிருந்து, குறித்த நாளில் மட்டும் நீங்களே எடுத்துவிட்டு, முடிந்ததும் திரும்பப் போடுங்கள். தடுப்பின் பொறுப்பை மனைவியிடம் கொடுத்து அவரைக் காவலாக்க வேண்டாம்.

மூன்று முதல் ஆறு வரை: குறைப்பது

மூன்றாம் வாரம் நான்கு நாள், நாளுக்கு 45 நிமிடம். நான்காம் வாரம் மூன்று நாள், 30 நிமிடம். ஐந்தாம் வாரம் இரண்டு நாள், 20 நிமிடம். ஆறாம் வாரம் ஒரு நாள், 20 நிமிடம். எந்தக் கிழமைகள் என்று ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிடுங்கள். அன்றைய மனநிலை அதை முடிவு செய்யக் கூடாது.

நேரத்தைவிட முக்கியமான விதி: ஒரு வீடியோ மட்டும். பாதியில் மாற்றக் கூடாது, இரண்டாவது டேப் திறக்கக் கூடாது, உச்சத்துக்காகக் ‘கடைசியாக இன்னொன்று’ தேடக் கூடாது. உங்களைப் பிடித்து வைத்திருப்பது அந்தத் தேடல்தான். தேடல் போனால் படம் சலிப்பாகிவிடும். சலிப்பாகட்டும். டைமர் அடித்ததும் திரையை மூடுங்கள், மீதியைத் திரை இல்லாமல் முடித்துக்கொள்ளலாம்.

மற்ற நாளில் உந்துதல் வரும். அதை அடக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். ‘நினைக்காதே, நினைக்காதே’ என்றால் அதுவே திரும்பத் திரும்ப வரும். 20 நிமிடம் தள்ளி வையுங்கள். அந்த நேரத்தில் உடலில் எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள்: நெஞ்சில் படபடப்பா, வயிற்றிலா, கையில் பரபரப்பா? அலைபோல் ஏறும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும். குடிப்பழக்கச் சிகிச்சையில் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் பிரபலமாக்கிய முறை இது. தொடக்கத்தில் ஏறுவது மட்டும்தான் தெரியும். இறங்குவதையும் நான்கைந்து முறை பார்த்த பிறகு பயம் குறையும்.

இந்த வாரங்களில் சிலருக்கு ஆசையே செத்துப்போனது மாதிரி இருக்கும். அப்போது ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று ஒரு வீடியோவைத் திறந்து சோதிக்கத் தோன்றும். சோதிக்காதீர்கள்.

இதோடு சேர்த்து: உடலைப் பழக்குவது

மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் இரண்டு முறை, படம் பார்க்காத நாளில், 20 நிமிடம் தனியாக. உந்துதலைத் தணிக்க இதைச் செய்யக் கூடாது, அமைதியான நேரத்தில் செய்யுங்கள். திரை இல்லை, மனதில் படத்தை ஓட்டுவதும் இல்லை. கையை இறுக்காமல், மெதுவாக, மசகு ஜெல் போட்டு. இறுக்கமான பிடிக்கும் வேகத்துக்கும் பழகிய உடலுக்கு வேறு எந்தத் தொடுதலும் போதாது. உங்கள் பிரச்சினையில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

கவனம் தொடு உணர்ச்சியில் இருக்கட்டும்: சூடு, அழுத்தம், மூச்சு. வீடியோக் காட்சி வந்தால், வந்தது என்று தெரிந்துகொண்டு கைக்குத் திரும்புங்கள். விறைப்பு இறங்கினால் இறங்கட்டும், நிறுத்தி, மூச்சு விட்டு, திரும்ப மெதுவாகத் தொடங்குங்கள். ஒரே அமர்வில் இரண்டு முறை இறங்கி ஏறினால் எனக்கு மிகவும் சந்தோஷம். இறங்கினது திரும்ப வரும் என்று உடல் அனுபவத்தில் தெரிந்துகொள்வதற்குத்தான் இந்தப் பயிற்சி. உச்சம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

ஐந்தாம் வாரம் மனைவியுடன். அதற்கு முன் அவரிடம் பேச வேண்டும். எல்லாக் கதையையும் ஒரே இரவில் கொட்ட வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். உங்கள் வார்த்தையில் ஏறத்தாழ இப்படி: “ராத்திரி போனில் அந்த மாதிரிப் படம் பார்க்கிறது எனக்குப் பழக்கமாயிடுச்சு. அதை விடறதுக்கு ஆலோசகரைப் பார்க்கிறேன். நான் விலகிப் போனதுக்கு நீ காரணம் இல்லை. கொஞ்ச வாரம் எதையும் முடிக்கணும்னு இல்லாம, சும்மா பக்கத்துல இருக்கலாமா?” அவருக்குக் கோபம் வரலாம், அழலாம், நேரம் கேட்கலாம். கேட்டால் கொடுங்கள். அவர் உங்களுக்கான சிகிச்சைக் கருவி இல்லை. அவருக்கு விருப்பம் இல்லாத வாரம் தனிப் பயிற்சியோடு நில்லுங்கள், திட்டம் ஒன்றும் கெடாது.

அவர் சம்மதித்தால், பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970-இல் வெளியிட்ட முறையில் போவோம். ஐந்து, ஆறாம் வாரங்களில் ஒருவர் மாற்றி ஒருவர், ஆளுக்கு 20 நிமிடம் தொடுவது. மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு, உடலுறவு கிடையாது. ‘கிடையாது’ என்பது நிஜமாகவே கிடையாது. நன்றாக விறைத்திருக்கிறதே என்று விதியை மீறினால் பரீட்சை திரும்ப ஆரம்பித்துவிடும். ஏழு, எட்டில் எல்லா இடமும் தொடலாம், உடலுறவு மட்டும் வேண்டாம். ஒன்பதில், இருவருக்கும் விருப்பம் இருந்தால், உடலுறவு. நடுவில் இறங்கினால் நிறுத்திவிட்டு, முந்தைய வாரத் தொடுதலுக்குத் திரும்புங்கள்.

ஏழாம் வாரத்திலிருந்து

படம் இல்லை. காலியாகும் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதியைத் தூக்கத்துக்குக் கொடுங்கள். நோட்டில் சலிப்பும் கோபமும் எந்த நாளில் வந்தன என்று பார்த்து, அந்த நாள்களின் இரவு எட்டு மணிக்கே ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்: நடை, நண்பருக்கு ஒரு போன், ஏதாவது.

சறுக்கினால்

பெரும்பாலும் ஒரு முறையாவது சறுக்கும். ஆபத்து அந்த ஒரு வீடியோவில் இல்லை, ‘சரி, இன்றைக்குப் போச்சு, இனி நாளையிலிருந்து’ என்று விடிய விடியப் பார்ப்பதில் இருக்கிறது. அந்த வாக்கியம் மனதில் வந்ததும் போனை வைத்துவிட்டு முகம் கழுவுங்கள். மறுநாள் காலை நோட்டில் மூன்று வரி: எப்போது, அதற்கு முன் என்ன, அடுத்த முறை எதை மாற்றுவேன். அன்றே அந்த வாரத்தின் அளவுக்குத் திரும்புங்கள். முதல் வாரத்துக்குப் போக வேண்டாம். ஒரே வாரத்தில் மூன்று முறை ஆனால் அந்த வாரத்தை இன்னொரு முறை செய்வோம், பத்து வாரம் பன்னிரண்டானால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

தொடர்ந்து இரண்டு வாரம் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், மனநல மருத்துவரையும் சேர்த்துப் பார்ப்போம். மருந்து சிலருக்கு உதவும், எது என்று அவர்தான் சொல்ல வேண்டும். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், மனைவியிடமும் சொல்லுங்கள்.

இரண்டாம் வாரம் முடிந்ததும் நோட்டோடு வாருங்கள். அடுத்து நான்காம் வாரம், மனைவியிடம் பேசுவதற்கு முன்னால், அந்தப் பேச்சை இங்கே ஒரு முறை சொல்லிப் பார்க்கலாம். ஆறாம் வாரச் சந்திப்புக்கு, அவர் வர விரும்பினால், சேர்ந்தே வாருங்கள். பத்தாம் வாரம் வரும்போது முதல் வார நோட்டையும் எடுத்து வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்து என்ன என்று முடிவு செய்வோம்.