உயில் சாசனம்

2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ம் தேதி, தஞ்சாவூர் மாவட்டம், கும்பகோணம், நடுத்தெரு, கதவு எண் 14-ல் வசிக்கும், காலஞ்சென்ற சாமிநாதன் அவர்களின் மனைவி, 78 வயதுள்ள ராஜலட்சுமி ஆகிய நான், நல்ல நினைவோடும் தெளிந்த புத்தியோடும், யாருடைய தூண்டுதலும் கட்டாயமும் இல்லாமல், மனப்பூர்வமாக எழுதி வைக்கும் உயில் சாசனம் என்னவென்றால்,

என் கணவர் 2016-ல் காலமானார். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகள் கலாவதி, வயது 55, திருச்சியில் இருக்கிறாள். மகன் செந்தில்குமார், வயது 52, மனைவி புவனேஸ்வரியோடும் பிள்ளைகளோடும் என்னுடன் இதே வீட்டில் இருக்கிறான். இளைய மகள் மஞ்சுளா, வயது 48, கோயம்புத்தூரில் இருக்கிறாள். இவர்களைத் தவிர எனக்கு வேறு வாரிசுகள் இல்லை.

கீழே விவரித்துள்ள மனையும் வீடும் 1984-ல் என் பெயரில் கிரையம் வாங்கியவை. என் தாய்வீட்டில் எனக்குக் கொடுத்த நிலத்தை விற்ற பணமும் என் கணவரின் சேமிப்பும் சேர்ந்து வாங்கிய சொத்து. அதில் எனக்கு முழு உரிமை உண்டு. வில்லங்கம் எதுவும் கிடையாது. என் ஆயுள் உள்ளவரை எல்லாச் சொத்தையும் நானே அனுபவித்து வருவேன். இந்த உயில் என் ஆயுளுக்குப் பிறகே அமலுக்கு வரும். 2017-ல் ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வைத்திருந்த உயிலை இதனால் ரத்து செய்கிறேன். அதில் வீடு முழுவதையும் மகனுக்கு எழுதியிருந்தேன். அது நியாயம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டைப் பற்றி. கீழ்த்தளம் நாங்கள் வாங்கியது. மாடி, 2012-ல் செந்தில்குமார் தன் பெயரில் கடன் வாங்கி, தவணை கட்டி எழுப்பியது. அதனால் மாடிக் கட்டடத்தின் மதிப்பு அவனுக்கே சேரும். அதில் மகள்கள் பங்கு கேட்க முடியாது. மனையும் கீழ்த்தளமும் மூன்று பிள்ளைகளுக்கும் சமம். ஆனால் 30 அடி அகல மனையை மூன்றாகக் கிழித்தால் யாருக்கும் பிரயோஜனப்படாது. அதனால் வீடு முழுவதும் செந்தில்குமாரைச் சேர வேண்டும் என்றும், மனைக்கும் கீழ்த்தளத்துக்கும் உரிய மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கலாவதிக்கும் இன்னொரு பங்கை மஞ்சுளாவுக்கும் அவன் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதி வைக்கிறேன்.

மதிப்பை அரசு வழிகாட்டி மதிப்பை வைத்துப் பார்க்கக் கூடாது. நான் இறந்தபின் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு அன்றைய சந்தை நிலவரப்படி, மனையும் கீழ்த்தளமும் தனியாக, மாடி தனியாக மதிப்பிட வேண்டும். உதாரணமாக, மனையும் கீழ்த்தளமும் 60 லட்சம் என்று வந்தால் மகள்கள் இருவருக்கும் ஆளுக்கு 20 லட்சம். நான் இறந்த தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். அதுவரை அந்தத் தொகை வீட்டின் மேல் பொறுப்பாக நிற்கும். மகள்களுக்குப் பணம் கொடுப்பதற்காக வீட்டை வங்கியில் அடமானம் வைக்கலாம். வேறு எதற்காகவும் வைக்கக் கூடாது. பணம் வாங்கியதும் மகள்கள் பதிவு செய்த ரசீது கொடுத்துவிட வேண்டும்.

இரண்டு வருடத்தில் முடியாவிட்டால் சண்டை போட்டுக்கொள்ள வேண்டாம். வீட்டை விற்று, மாடிக்கு உரிய மதிப்பைச் செந்தில்குமார் முதலில் எடுத்துக்கொண்டு, மீதியை மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டியது.

இனி நகைகள். வங்கி லாக்கரில் இருப்பவை மொத்தம் 49 சவரன், அதாவது 392 கிராம். போன மாதம் மூன்று பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடை போட்டுப் பார்த்தேன். இதைப் பிரிக்கும் முன் ஒரு பழைய கணக்கைச் சொல்லியாக வேண்டும். 1992-ல் கலாவதி கல்யாணத்துக்கு 30 சவரன் போட்டோம். 2001-ல் மஞ்சுளா கல்யாணத்தின்போது, அதற்கு முந்தின வருடம்தான் அவள் அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் ஆகியிருந்தது. 20 சவரன்தான் போட முடிந்தது. மாமியார் வீட்டில் அவள் பட்ட பேச்சை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, எனக்குத் தெரியும். அந்த 10 சவரனை முதலில் அவளுக்கு ஈடு செய்கிறேன்.

அதற்காக 10 சவரன் காசு மாலை மஞ்சுளாவுக்குச் சேர வேண்டும். என் அம்மா கொடுத்த மாலை. நடுவில் ஒரு காசு மாற்றியது, நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கும், அதுதான் அடையாளம். கலாவதி தன் கல்யாணத்தன்று அதைத்தான் போட்டுக்கொண்டாள், அவளுக்கும் அதன்மேல் ஆசை உண்டு. கேட்டேன். "அவளுக்கே கொடும்மா" என்றாள்.

மீதி 39 சவரன், ஆளுக்கு 13. கலாவதிக்கு 8 சவரன் இரட்டை வடச் சங்கிலியும் 5 சவரன் அட்டிகையும். மஞ்சுளாவுக்கு 7 சவரன் முகப்புச் சங்கிலியும், ஒன்றரைச் சவரன் வளையல் நான்கும், ஆக 13. செந்தில்குமாருக்கு என் 9 சவரன் தாலிக்கொடியும், ஒன்றரைச் சவரன் வளையல் இரண்டும், அரைச் சவரன் மோதிரம் இரண்டும், ஆக 13. அவன் மகளின் கல்யாணத்துக்கு அது உதவட்டும் என்பது என் விருப்பம், கட்டாயம் இல்லை. மூவரும் சம்மதித்தால் எடைக்கு எடை தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

காதில் போட்டிருக்கும் வைரத்தோடு மருமகள் புவனேஸ்வரிக்கு. 2021-ல் நான் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தபோது ராத்திரி பகல் பார்க்காமல் என்னைத் தூக்கி, குளிப்பாட்டி, நடக்க வைத்தவள் அவள். மகள்கள் இருவரும் இதற்கு மனதாரச் சம்மதித்திருக்கிறார்கள். வெள்ளிக் குத்துவிளக்கு இரண்டும் இந்த வீட்டுப் பூஜை அறையிலேயே இருக்கட்டும். மற்ற வெள்ளிச் சாமான்களும் பித்தளைப் பாத்திரங்களும் மகள்கள் இருவருக்கும் பாதிப்பாதி.

லாக்கருக்கும் வைப்புத் தொகைக்கும் செந்தில்குமார் நாமினியாக இருக்கிறான். அது வங்கியில் எடுத்துக் கொடுப்பதற்காக மட்டும். அதனால் அவனுக்குத் தனி உரிமை வராது. மூவரும் கூட இருக்கும்போதுதான் லாக்கரைத் திறக்க வேண்டும். வைப்புத் தொகையில் என் காரியச் செலவு போக மீதியை மூவரும் சமமாக எடுத்துக்கொள்ளவும். இங்கே சொல்லாமல் விட்ட சொத்து ஏதாவது இருந்தால் அதுவும் அப்படியே. எனக்கு முன்பே பிள்ளைகளில் யாராவது காலமானால் அவர்கள் பங்கு அவர்கள் பிள்ளைகளுக்குச் சேரும்.

இந்த உயிலை நிறைவேற்ற என் தம்பி மகன் ஞானசேகரனை நியமிக்கிறேன். மதிப்பீட்டாளரை அவனே அமர்த்த வேண்டும். அவன் இதில் பங்குதாரன் இல்லை, மூன்று பேருக்கும் அவன் பேச்சில் நம்பிக்கை உண்டு. இந்த உயிலை மாற்றவோ ரத்து செய்யவோ எனக்கு முழு அதிகாரம் உண்டு.

சொத்து விவரம்

தஞ்சாவூர் மாவட்டம், கும்பகோணம் வட்டம், கும்பகோணம் மாநகராட்சி, நடுத்தெரு, கதவு எண் 14. கும்பகோணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1984-ம் ஆண்டின் 1432-ம் எண் ஆவணப்படி வாங்கியது. நடுத்தெருவுக்கு வடக்கு, ராமலிங்கம் வகையறா மனைக்குக் கிழக்கு, கொல்லைச் சந்துக்குத் தெற்கு, கோவிந்தம்மாள் மனைக்கு மேற்கு. இந்த நான்கெல்லைக்குள் கிழமேல் 30 அடி, தென்வடல் 60 அடி, ஆக 1,800 சதுர அடி மனையும், அதிலுள்ள கீழ்த்தளம், மாடி, கிணறு, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு சகிதம்.

மேற்கண்ட உயிலை நானே கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்து, சரி என்று கண்டு, கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்) சா. ராஜலட்சுமி

ராஜலட்சுமி அம்மாள் எங்கள் முன்னிலையில் கையெழுத்திட்டதை நாங்கள் நேரில் பார்த்து, அவர் முன்னிலையில் நாங்களும் கையெழுத்திட்டோம். இந்த உயிலில் எங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை.

சாட்சி 1: (ஒப்பம்) தங்கவேல், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நடுத்தெரு, கும்பகோணம்

சாட்சி 2: (ஒப்பம்) மருத்துவர் இளங்கோவன், கும்பகோணம்