சான்றிதழ் வழங்கும் விழா: ஒயரிங் பயிற்றுநரின் உரை

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களுக்கும், சக பயிற்றுநர்களுக்கும், வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும், இன்று சான்றிதழ் பெறப்போகும் என் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

முதலில் பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. பிள்ளையைச் சேர்க்க வரும்போது உங்களில் பலர் என்னிடம் தயங்கித் தயங்கித்தான் பேசினீர்கள். "எஸ்.பி.எம். சரியாக வரவில்லை சார், அதனால்தான் இங்கே" என்று குரலைத் தாழ்த்தினீர்கள். பிள்ளை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி உள்ளே கட்டை வரை பட்டுவிட்டால் மரத்தில் காயம் விழும், மறுபட்டை சரியாக வளராது. அந்த ஆழம் அவர் மணிக்கட்டுக்குத் தெரியும். ஒருநாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்கள். ஆனால், அவருக்குத் தொழில் தெரியும் என்று எழுதிக் கொடுக்க ஒருவரும் இல்லை. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தபோது, "படிக்காத கிழவி" என்ற பெயர்தான் கூடவே வந்தது. நாம் இப்போது கூடியிருக்கும் இந்தச் செந்தூலில் ரயில்வே பட்டறையில் உழைத்த நம்மவர்கள் எத்தனை பேர்! அவர்களில் எத்தனை பேருடைய திறமை அவர்களோடே போய்விட்டது!

உங்கள் கைக்கு வரப்போகும் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழை அந்த நினைவோடுதான் நான் பார்க்கிறேன். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுக்கும் சான்று இது. உங்கள் கைக்குத் தொழில் தெரியும் என்று நாடே எழுதிக் கொடுக்கிறது.

தேர்வுக்கு முந்தைய வாரம் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாரும் வேலையை முடித்துக் கை கழுவிவிட்டார்கள். ஒரு மாணவன் மட்டும் தான் பொருத்திய 13 ஆம்ப் சாக்கெட்டைத் திரும்பக் கழற்றிக்கொண்டிருந்தான். "சோதனையில் தேறிவிட்டதே, ஏன் கழற்றுகிறாய்?" என்று கேட்டேன். "எர்த் ஒயரில் திருகாணி செம்பைப் பிடிக்காமல் மேலுறையைக் கொஞ்சம் கடித்திருக்குமோ என்று சந்தேகம் சார்" என்றான். கழற்றிப் பார்த்தோம். அவன் சந்தேகப்பட்டது சரிதான். மூடி போட்டபின் அதை யாரும் பார்த்திருக்க முடியாது. அன்றைக்கு மீட்டரும் ஒன்றும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து அந்தப் பிடி தளர்ந்திருக்கும். ஏதோ ஒரு வீட்டில் ஓர் அம்மா ஈரக் கையோடு அரிசிக் குக்கரைத் தொடும்போது, அவரைக் காக்க வேண்டிய எர்த் அங்கே இருந்திருக்காது. அந்தத் தம்பியின் பெயரைச் சொன்னால் கூச்சப்படுவான். அவன் இந்த அரங்கில்தான் இருக்கிறான். பகலில் இங்கே பயிற்சி, இரவில் சாப்பாட்டுக் கடையில் வேலை என்று இருந்தவன் அவன்.

பேக்கரிப் பிரிவுத் தங்கைகளைப் பற்றிப் பேச எனக்கு அறிவு போதாது. ஆனால், அவர்கள் சுட்ட ரொட்டியின் மணம் எங்கள் பட்டறை வரைக்கும் வந்து வேலையைக் கெடுத்தது உண்மை. குளிர்சாதனப் பிரிவினரைப் பற்றி அவர்களுடைய ஆசிரியர் பேசுவார்.

ஒயரிங் பிரிவினருக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். எஸ்.கே.எம். கிடைத்துவிட்டதால் நாளைக்கே ஒரு வீட்டு ஒயரிங்குக்கு நீங்களே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதுவரை தகுதி பெற்ற ஒருவரின் கீழ் வேலை செய்யுங்கள். "சின்ன வேலைதானே தம்பி, நீயே முடித்துவிடு" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். தெரிந்தவர் கேட்கும்போது மறுப்பது கடினம்தான். மறுத்துவிடுங்கள். முக்கியமாக, குளியலறை ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அதன் 10 மில்லிஆம்ப் மின்கசிவுத் தடுப்பானை நீக்கச் சொன்னால், யார் சொன்னாலும் கை வைக்காதீர்கள்.

இரண்டாம் நிலை முடித்தவர்கள் மூன்றாம் நிலைக்கு வாருங்கள். அதற்கு மேல் நான்காம் நிலையில் டிப்ளோமாவும், ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமாவும் இருக்கின்றன. பணம்தான் தடை என்றால் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடனுதவி இருக்கிறது. அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பத்தை உங்களோடு உட்கார்ந்து நானே நிரப்பித் தருகிறேன்.

இப்போது பெயர்களை அழைக்கப்போகிறோம். ஒரு சிறு வேண்டுகோள். பிள்ளையின் பெயரைக் கேட்டதும் அம்மாவோ அப்பாவோ, வளர்த்த பாட்டியோ, யாராக இருந்தாலும் கூடவே மேடைக்கு வாருங்கள். பாட்டிகள் படியேற உதவ இரண்டு மாணவர்கள் கீழே நிற்கிறார்கள். படம் எடுப்பவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அவசரமே இல்லை.